கடை சுவிட்சுக்கும் பைபர் லைனுக்கும் நடுவில் லிங்க் அடிக்கடி விழுகிறதா? திருகோணமலைக் கடைகளுக்கான கேள்வி பதில்

கார்ட் மெஷின் ஒரு நாளைக்கு ஆறேழு தரம் நிக்குது. லைன் குடுத்தவங்க தங்கட பக்கம் சரி எண்டுறாங்க. பெட்டி பழுதா, லைன் பழுதா எண்டு எப்படிப் பிரிக்கிறது?

இரண்டு விஷயம் தெரிந்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். லிங்க் விழும்போது எந்த விளக்கு முதலில் அணைகிறது? நாளின் எந்த நேரத்தில் அது நடக்கிறது? இவை தெரியாமல் சாமான் மாற்றத் தொடங்கினால், நல்லதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பழுதானதை வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கடைக்குள் ஒளி வரும் பாதை மிகச் சிறியது. சுவரில் உள்ள பைபர் பெட்டியில் இருந்து ஒரு மஞ்சள் பட்ச் கோட் மீடியா கன்வேட்டருக்குப் போகிறது. அங்கிருந்து நெட்வேர்க் கேபிள் சுவிட்சுக்குப் போகிறது. கன்வேட்டருக்குக் கரண்ட் கொடுப்பது ஒரு சின்ன அடாப்டர். கன்வேட்டர் இல்லாத இடத்தில் எஸ்எஃப்பி என்ற ஒப்டிக்கல் மொடியூலை நேராகச் சுவிட்சிலோ ரவுட்டரிலோ செருகியிருப்பார்கள்.

கன்வேட்டரின் முன்பக்கத்தில் குறைந்தது மூன்று விளக்குகள் இருக்கும். ஒன்று பவர். எஃப்எக்ஸ் என்று எழுதியிருப்பது பைபர் பக்கம், டிபி என்று எழுதியிருப்பது கேபிள் பக்கம். பழைய கைபேசி ஒன்றை எதிரே நிறுத்தி, சார்ஜரில் போட்டு, லிங்க் அதிகம் விழும் நேரத்தில் விளக்குகளை வீடியோ எடுங்கள். பிறகு அந்த இடத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

பவர் உட்பட எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்து, புதிதாகப் போட்டதுபோல எல்லாம் மின்னி எழும்பினால் சந்தேகம் அடாப்டரில், அல்லது அதன் பின் செருகும் துளையில். பவர் அசையாமல் எரிய, எஃப்எக்ஸ் முதலில் அணைந்தால் பிரச்சினை ஒளிப் பக்கத்தில். டிபி மட்டும் அணைந்து எஃப்எக்ஸ் எரிந்துகொண்டிருந்தால் பைபரைத் தொடவே வேண்டாம். நெட்வேர்க் கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். லிங்க் இரண்டு விநாடிதான் விழுந்திருக்கும். ஆனால் ரவுட்டர் மறுபடி உள்நுழைந்து முகவரி வாங்கி, கார்ட் மெஷின் வங்கியோடு திரும்ப இணைய ஒரு நிமிடம்கூடப் போகலாம். காசாளர் சொல்லும் "ஒரு நிமிஷம் நெட் இல்லை" என்பதை வைத்து லிங்க் விழுந்த நேரத்தை அளக்க முடியாது.

சுவிட்ச் லொக்கில ஒண்டுமே விழேல்ல. அப்ப கன்வேட்டர் நல்லதுதானே?

அப்படிச் சொல்ல முடியாது. கன்வேட்டரின் பைபர் பக்கம் விழுந்தாலும், கேபிள் பக்கம் தானாக விழ வேண்டும் என்று இல்லை. சுவிட்சுக்கு எதிரே கன்வேட்டர் உயிரோடு இருக்கிறது, அதனால் சுவிட்ச் லிங்க் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும்.

பல கன்வேட்டர்களில் இதற்காகவே எல்எஃப்பி என்ற வசதி உண்டு. பக்கவாட்டிலோ அடியிலோ உள்ள சிறு டிப் சுவிட்சுகளில் ஒன்றைத் தள்ளினால், பைபர் விழும்போது கேபிள் பக்கத்தையும் கன்வேட்டர் விழுத்தும். அப்போதுதான் லொக்கில் நேரத்தோடு பதிவாகும். எந்தக் குமிழ் எதற்கு என்று பெட்டியின் அடியிலோ கையேட்டிலோ இருக்கும், மாற்றியபின் ஒருமுறை கரண்டை நிறுத்திப் போடுங்கள். இதை இயக்கியபின் எஃப்எக்ஸும் டிபியும் அடுத்தடுத்து அணையும். எது முதல் என்பதை வீடியோவை மெதுவாக ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

மைக்ரோடிக் ரவுட்டராக இருந்தால் லிங்க் விழுந்த நேரங்களை இப்படிப் பார்க்கலாம்:

```
/log print where message~"link"
```

வழக்கமான அமைப்பில் இந்த லொக் நினைவகத்தில்தான் இருக்கும். ரவுட்டரை நிறுத்திப் போட்டவுடன் அழிந்துவிடும். ஆகவே பிளக்கைக் கழற்றுவதற்கு முன் லொக்கைப் படம் எடுத்து வையுங்கள். ரவுட்டரின் மணிக்கூடு சரியா என்பதையும் பாருங்கள்.

நிப்பாட்டிப் போட்டா கொஞ்ச நேரம் நல்லா வேலை செய்யுது. அதுக்கு என்ன அர்த்தம்?

பெரும்பாலும் சூடுதான். கழற்றிவைத்த ஐந்து நிமிடத்தில் சாமான் ஆறுகிறது, திரும்பப் போட்டதும் கொஞ்ச நேரம் தாங்குகிறது. லைன்காரர் தூரத்தில் இருந்து "ரீசெட்" பண்ணியதால் சரியானது என்று நினைத்துவிடாதீர்கள்.

திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இது தெளிவாகத் தெரியும். காலையில் கடை திறக்கும்போது ஒரு குறையும் இருக்காது. பகல் ஒரு மணிக்குப் பிறகு விழத் தொடங்கி, பொழுது சாய்ந்ததும் தானாக நின்றுவிடும். தகரக் கூரைக்குக் கீழ், யு.பி.எஸ்.ஸின் முதுகில், மூடிய மரப் பெட்டிக்குள் கன்வேட்டரை வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். சாதாரண எஸ்எஃப்பி மொடியூல்கள் 70 பாகை செல்சியஸ் வரைக்கும்தான் செய்யப்பட்டவை. அது அறையின் சூடு அல்ல, மொடியூல் உடம்பின் சூடு. அறை 36 பாகை என்றால் மூடிய பெட்டிக்குள் அந்த எல்லை தொலைவில் இல்லை.

நேரம் எதுவென்று இல்லாமல், ஆழ்குளிர்ப் பெட்டியின் கொம்பிரசர் உதைத்து எழும்பும் ஒவ்வொரு முறையும் விழுந்தால் அது வேறு கதை. கரண்ட் ஒரு கணம் தாழ்கிறது, வயதான அடாப்டரால் அதைத் தாங்க முடியவில்லை.

அடாப்டரை எப்படிச் சோதிக்கிறது? மீற்றர் வச்சா சரியா 5 வோல்ட் காட்டுதே.

கழற்றிவைத்து அளந்தால் செத்துக்கொண்டிருக்கும் அடாப்டரும் 5 வோல்ட் காட்டும். கன்வேட்டர் இழுக்கும்போது எவ்வளவு நிற்கிறது என்பதுதான் கேள்வி. 5 வோல்ட் கன்வேட்டருக்கு, ஓடும்போது 4.75க்குக் கீழே போகக் கூடாது. அடாப்டருக்குள் இருக்கும் கொள்ளளவிகள் சூட்டில் காய்ந்து போவதால் வரும் ஆட்டம் மிகக் குறுகியது. சாதாரண மீற்றர் அதைச் சராசரியாக்கி மறைத்துவிடும். அதனால் அளவை விட மாற்றிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எல்லாச் சாமானிலும் மலிந்ததும் இதுதான், பவர் விளக்கு துடிக்கிறது என்றால் முதலில் இதிலேயே தொடங்குங்கள்.

புது அடாப்டரின் வோல்ட் கன்வேட்டரில் எழுதியதற்குச் சமமாக இருக்க வேண்டும். சில கன்வேட்டர்கள் 9 அல்லது 12 வோல்ட் கேட்கும், எழுத்தைப் படிக்காமல் செருக வேண்டாம். அம்பியர் கூட இருந்தால் பாதகமில்லை: 1 அம்பியர் இருந்த இடத்தில் 2 அம்பியர் போடலாம். பிளக்கின் நடுப்பகுதி நேர்முனையா என்று இரண்டிலும் உள்ள படக்குறியை ஒப்பிடுங்கள்.

புதிதைப் போட்டும் துடித்தால், ஓடும்போதே பிளக்கை மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது அணைந்தால் துளை தளர்ந்துவிட்டது, அல்லது உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிட்டது. டொக்யார்ட் வீதி மாதிரிக் கடலை ஒட்டிய இடங்களில் இந்தப் பச்சை சீக்கிரம் வரும். துளை தளர்ந்தால் கன்வேட்டரையே மாற்றுவது நல்லது.

எங்களுக்கு கன்வேட்டர் இல்ல, எஸ்எஃப்பி தான் குத்தியிருக்கு. அது பழுதாகிறத முன்னமே பார்க்க வழி இருக்கா?

இருக்கிறது. மொடியூல் தன் நிலைமையைத் தானே சொல்லும். மைக்ரோடிக்கில்:

```
/interface ethernet monitor sfp1 once
```

சிஸ்கோவில்:

```
show interfaces transceiver detail
```

இதில் நான்கு வரிகள் போதும். மொடியூலின் சூடு, லேசருக்குப் போகும் மின்னோட்டம், நீங்கள் அனுப்பும் ஒளியின் அளவு, உங்களுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு. ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில், மைனஸில் வரும். பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் ஒளி கூட. 3 இறங்கினால் ஒளி பாதியாகிவிட்டது, 10 இறங்கினால் பத்தில் ஒன்றாகிவிட்டது.

பலர் பிழைவிடும் இடம் இதுதான்: உங்களுக்கு வரும் ஒளி, எதிர்முனை லேசரையும் நடுவிலுள்ள பைபரையும் பற்றிச் சொல்கிறது. உங்கள் மொடியூலின் லேசரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. உங்கள் லேசரின் நிலைமை அனுப்பும் ஒளியிலும் மின்னோட்டத்திலும்தான் தெரியும்.

எண்களோடு பார்ப்போம். என்.சி. வீதியில் ஒரு கடை, லைன் வந்து சேரும் இடம் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஒற்றை இழை பைபர், 10 கிலோமீற்றர் வகை மொடியூல். 1310 நனோமீற்றரில் அனுப்பி 1490இல் வாங்குகிறது. இந்த வகை நலமாக இருந்தால் மைனஸ் 3க்கும் மைனஸ் 9க்கும் இடையில் அனுப்ப வேண்டும். எதிர்முனை மைனஸ் 19.5 வரைக்கும் வாசிக்கும், அதற்குக் கீழே உறுதி இல்லை. காலை எட்டு மணிக்கு எடுத்தது இது:

```
sfp-temperature: 49C
sfp-tx-bias-current: 27mA
sfp-tx-power: -6.2dBm
sfp-rx-power: -9.4dBm
```

பகல் இரண்டு மணிக்கு, லிங்க் விழுந்து எழும்பிக்கொண்டிருக்கும்போது:

```
sfp-temperature: 73C
sfp-tx-bias-current: 68mA
sfp-tx-power: -16.2dBm
sfp-rx-power: -9.5dBm
```

வரும் ஒளி அசையவே இல்லை. எதிர்முனையும் பைபரும் நலம். உங்கள் லேசருக்குப் போகும் மின்னோட்டம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியும், ஒளி பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. லேசர் முதுமை அடையும்போது அதே ஒளியைத் தரக் கூட மின்னோட்டம் கேட்கும், சூடு ஏறினால் இன்னும் கூடக் கேட்கும். மொடியூலின் உள்சுற்று ஒளியைக் காப்பாற்ற மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டே போகும். தன் உச்சத்தைத் தொட்டபின் ஏற்ற வழியில்லை, அதன்பிறகு ஒளி சரியத் தொடங்கும்.

அப்படியானால் எதிர்முனைக்கு எவ்வளவு போகிறது? 1310இல் கிலோமீற்றருக்கு 0.35 இழப்பு, 3 கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 1. கனெக்டர் நான்கு, ஒன்றுக்கு 0.5 என்று 2. ஒட்டுகளுக்கு 0.3. ஆக 3.3 அளவு போய்விடும். மைனஸ் 16.2இல் இருந்து 3.3 கழிந்தால் மைனஸ் 19.5. எதிர்முனையின் எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஒரு பாகை சூடு கூடினால் விழும், விசிறி கொஞ்சம் அடித்தால் எழும்பும்.

இந்தக் கடைக்காரர் மொடியூலை மாற்ற வேண்டும், லைனை அல்ல. காற்றோட்டம் கொடுத்தால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் முதுமையடைந்த லேசர் திரும்பி வராது. லேசருக்குப் போகும் மின்னோட்டத்தை மாதம் ஒருமுறை குறித்து வைத்தால், லிங்க் விழத் தொடங்கும் முன்பே அது ஏறுவது கண்ணில் படும்.

கன்வேட்டரில் பெரும்பாலும் இந்த வசதி இல்லை. அதற்கு ஒரு ஒப்டிக்கல் பவர் மீற்றர் வேண்டும். மீற்றரைச் சரியான அலைநீளத்துக்கு வைத்து, கன்வேட்டரின் வாயில் இருந்து ஒரு சிறு பட்ச் கோட்டில் அளந்தால் அனுப்பும் ஒளி. சுவரில் இருந்து வரும் பட்ச் கோட்டை மீற்றரில் செருகினால் வரும் ஒளி. காலையில் ஒரு தரம், பகலில் ஒரு தரம் அளங்கள்.

எனக்கு மறுபக்கமா இருக்கு. அனுப்புறது சரி, வாறது மைனஸ் 19, 20 எண்டு காட்டுது.

அப்போது உங்கள் மொடியூல் குற்றவாளி அல்ல. மீதமுள்ளவை: பட்ச் கோட், கனெக்டர் முகம், சுவருக்கு வெளியே உள்ள பைபர், எதிர்முனை லேசர். முதல் இரண்டு உங்கள் கையில்.

முதலில் பட்ச் கோட்டின் வளைவுகளைப் பாருங்கள். சாதாரண இழை 30 மில்லிமீற்றர் ஆரைக்குக் குறைவாக வளையக் கூடாது, தேநீர்க் கோப்பையின் வளைவை விட இறுக்கமாக எங்கும் மடிக்காதீர்கள். கேபிள் டை போட்டு இறுக்கிய இடம், கதவு இடுக்கு, ராக்கைக்குப் பின்னால் நசிபட்ட இடம் எல்லாம் விரலால் தேடுங்கள். வளைவில் நீள அலைநீளம் கூடக் கசியும். 1490 அல்லது 1550இல் வாங்கும் உங்கள் பக்கம் அடிபட்டு, 1310இல் வாங்கும் எதிர்முனை ஓரளவு நன்றாக இருப்பது வளைவுக்கான நல்ல அடையாளம்.

வளைவு இல்லை என்றால் முகங்களைத் துடையுங்கள். எஸ்சி கனெக்டருக்கு 2.5 மில்லிமீற்றர், எல்சிக்கு 1.25 மில்லிமீற்றர் கிளீனர் பேனா. பேனா இல்லையென்றால் 99 சதவீத ஐசோபுரோபைல் அல்ககோலும் பஞ்சு உதிராத துணியும். மருந்துக் கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் உண்டு, அது காய்ந்து கறை விடும். வாயால் ஊதவே கூடாது, எச்சில் ஈரம் போய் ஒட்டும். சுவர்ப் பக்கம், பெட்டிப் பக்கம் இரண்டு முனையையும் துடைத்த பிறகே திரும்ப அளங்கள்.

அதற்கும் ஏறவில்லை என்றால் புதுப் பட்ச் கோட். கனெக்டரின் நிறத்தைப் பாருங்கள். நீலம் யுபிசி, பச்சை ஏபிசி. பச்சையின் முகம் 8 பாகை சரிவாக வெட்டப்பட்டது. நீலத்தோடு பச்சையைச் செருகினால் முகங்கள் பொருந்தாமல் ஒளி பெருமளவு தொலையும், முகமும் காயப்படும். அவசரத்தில் அகப்பட்டதைச் செருகிய கடைகளில் "புதுக் கோட் போட்ட பிறகுதான் கூட விழுது" என்று சொல்வது இதனால்தான்.

எந்த நிலையிலும் பைபரின் வாயையோ மொடியூலின் வாயையோ கண்ணால் பார்க்காதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கைபேசிக் கமராவிலும் தெரியாது. ஆகவே "ஒண்டும் எரியேல்ல" என்பது லேசர் நின்றுவிட்டதற்கு அத்தாட்சி அல்ல.

புதுக் கன்வேட்டர் வாங்கிப் போட்டேன், எஃப்எக்ஸ் விளக்கு எரியவே மாட்டேங்குது.

அநேகமாக எதிர்முனையில் உள்ள அதே வகையை வாங்கிவிட்டீர்கள். ஒற்றை இழையில் ஓடும் கன்வேட்டர்கள் சோடியாகத்தான் வரும். ஏ என்பது 1310இல் அனுப்பி 1550இல் வாங்கும், பீ அதற்கு எதிர்மாறு. இரண்டு முனையிலும் ஏ இருந்தால் இருவரும் பேசுவார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். பழையதில் எழுதியுள்ள அலைநீளங்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எதிர்முனை 1490 என்றால் 1550 வகை சரிவராது.

அடுத்துப் பார்க்க வேண்டியது வேகம். 100 மெகாபிட் கன்வேட்டருக்கு எதிரே கிகாபிட் போட்டால் பைபர் பக்கத்தில் லிங்க் எழும்பாது. கேபிள் பக்கத்தைப் போல பைபர் பக்கம் தானாக இறங்கி ஒத்துப்போகாது.

எங்கட கடையில இருக்கிறது வெள்ளைப் பெட்டி, சுவரில இருந்து பச்சைக் கனெக்டர் வருது. அதுக்கும் இதே வழியா?

இல்லை. அது பெரும்பாலும் ஓஎன்டி, பல வீடுகளும் கடைகளும் ஒரே இழையைப் பங்குபோடும் ஜிபொன் லைன். அதில் மீடியா கன்வேட்டரையோ சாதாரண எஸ்எஃப்பியையோ செருகினால் வேலை செய்யாது. கண்டபடி ஒளி அனுப்பி அதே இழையில் உள்ள மற்றவர்களையும் குழப்பலாம். அடாப்டர், சூடு, வளைவு பற்றிச் சொன்னது மட்டும் அதற்கும் பொருந்தும். பெட்டியை மாற்றுவது லைன் கொடுத்தவரின் வேலை.

முறைப்பாடு குடுக்கேக்க என்ன சொன்னா ஆள் அனுப்புவாங்க?

"நெட் விட்டுவிட்டு வருது" என்றால் ரவுட்டரை நிறுத்திப் போடச் சொல்வார்கள். மூன்று நாட்களில் லிங்க் விழுந்த நேரங்களின் பட்டியல், விழும்போது பவர் எரிய எஃப்எக்ஸ் அணைகிறது என்பது, வரும் ஒளியின் காலை அளவும் பகல் அளவும், அடாப்டரும் பட்ச் கோட்டும் மாற்றிப் பார்த்தாயிற்று என்பது. இவற்றோடு போனால் தொலைபேசியில் உள்ளவர் அதை அப்படியே தொழில்நுட்பப் பிரிவுக்கு எழுதிவிடலாம்.

அவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு: "உங்கட முனையில எங்கட ஒளி எவ்வளவு வருது?" நீங்கள் அனுப்புவதில் இருந்து அதைக் கழித்தால் பாதையில் தொலைவது தெரியும். மேலே கணக்கிட்ட 3.3 மாதிரி மூன்று நான்குக்குள் வந்தால் பைபர் நலம். 8, 10 என்று வந்தால், நீங்கள் எத்தனை மொடியூல் மாற்றினாலும் பிரயோசனமில்லை. சுவருக்கு வெளியே எங்கேயோ வளைவு அல்லது மோசமான ஒட்டு இருக்கிறது, அதை ஓடிடிஆர் கருவியோடு அவர்கள்தான் வந்து தேட வேண்டும். வாடைக்காற்று மழைக்குப் பிறகு இந்த எண் திடீரென ஏறினால் தண்ணீர் புகுந்த இணைப்புப் பெட்டியை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.